சைக்கிள் தெளிவாக, பின்னணி கோடாக: லென்ஸ் வாங்குவதா, பில்டர் வாங்குவதா?

கேள்வி: என்னிடம் கனன் கமராவும் 18-55, 55-250 ஆகிய இரண்டு STM லென்சுகளும் இருக்கின்றன. ஓடுகிற சைக்கிளைப் பின்னணி கலங்கி வரும்படி எடுக்கப் பார்க்கிறேன். 1/250இல் எடுத்தால் சைக்கிள் நிறுத்தி வைத்தது மாதிரி இருக்கிறது. 1/30க்குக் குறைத்தால் பகல் வெய்யிலில் f எண் மினுங்குகிறது, படம் வெள்ளையாகிறது. கடையில் 70-200 f/2.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோண்டாவில்)

பதில்: வேண்டாம். f/2.8 லென்சின் பெருமையே கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான். உங்களுக்கோ வெளிச்சம் கூடிப்போனதுதான் சிக்கல். மேலும் அந்த லென்ஸ் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திருப்பித் திருப்பி எடுக்கிற வேலைக்கு, 400 கிராமுக்கும் குறைவான உங்கள் 55-250 எவ்வளவோ மேல். நீங்கள் வாங்க வேண்டியது 58 மி.மீ. அளவில், வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு ND8 பில்டர். உங்கள் இரண்டு லென்சுக்கும் வாய் அளவு 58 மி.மீ. தான் என்பதால் ஒன்றே போதும். வாங்கப் போகுமுன் லென்சின் முன்வளையத்தில் ø குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்போம். சைக்கிளோ வாகனமோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் ஓடியிருக்க வேண்டும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு செக்கனுக்கு 5 மீற்றர் ஓடும். 1/250இல் அது நகர்வது 2 செ.மீ. மட்டுமே, அதனால்தான் நிறுத்தி வைத்தது போல வருகிறது. 1/30இல் 17 செ.மீ. ஓடிவிடும். அந்த அளவு பின்னணியைக் கோடாக இழுக்கப் போதும், கைக்கும் அடங்கும். இதே கணக்கில் 35 கி.மீ. வேக ஓட்டோவுக்கு 1/50, 50 கி.மீ. வேக மோட்டார் சைக்கிளுக்கு 1/80 சரியாக இருக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் 1/30 என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வேகமான வாகனத்தை 1/30இல் பிடிக்க முயன்றால் பத்துக்குப் பத்தும் வீணாகலாம்.

இனி வெளிச்சம். நல்ல வெய்யிலில் ISO 100, f/16 என்றால் ஷட்டர் 1/125 அளவில் நிற்கும். அங்கிருந்து 1/30க்கு வர இரண்டு ஸ்டொப் மூடி f/32க்குப் போக வேண்டும். படம் வெள்ளையாகிறது என்றால் உங்கள் ISO 400இலோ அதற்கு மேலேயோ நிற்கிறது என்று நினைக்கிறேன். அதை முதலில் 100க்கு இறக்குங்கள். மினுங்கல் அனேகமாக நின்றுவிடும், ஆனால் வேலை முடியாது. f/32 போன்ற சிறு துவாரத்தில் ஒளி விளிம்பில் சிதறுவதால் படம் முழுவதும் மழுங்கும். சென்சரில் உள்ள தூசியும் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். நீங்கள் கை ஆடிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், காரணம் துவாரமாக இருக்கும். ND8 வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கி மூன்று ஸ்டொப் குறைக்கும். அதே 1/30, இப்போது f/11. தெளிவு திரும்பிவிடும்.

கடையில் ND8 என்றும், 0.9 என்றும், 3 ஸ்டொப் என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றே. ND1000 என்று தந்தால் வாங்காதீர்கள். அது பத்து ஸ்டொப் குறைப்பது, போட்டால் கண்வழியே சைக்கிளே தெரியாது. திருகித் திருகி அளவை மாற்றும் பில்டர் வசதிதான். ஆனால் மலிவானவற்றில் முழுதாகத் திருகும்போது படத்தின் குறுக்கே X வடிவில் கறுப்பு விழும். இந்த வேலைக்கு ஒரே அளவுள்ளதே நல்லது.

காசு கொடுக்குமுன் கடை வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை வெய்யிலில் பிடிக்கச் சொல்லி, வெள்ளைச் சமநிலையை Daylight இல் நிறுத்தி, f/11 இல் பில்டர் இல்லாமல் ஒன்று, போட்டு ஒன்று எடுங்கள். முதலாவது 1/250 என்றால் இரண்டாவது 1/30 அளவுக்கு இறங்க வேண்டும். இரண்டு தாளையும் திரையில் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டாவது ஊதாவாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் வேறொன்று கேளுங்கள்.

மாரி காலத்து மூடிய வானத்தில் இந்தப் பில்டரும் தேவையில்லை. ISO 100இல் 1/30க்கு f/14 அளவு வரும். மாலை வெய்யில் தாழ்ந்த பிறகும் அப்படித்தான். பகலில் எடுக்காதவர் காசைச் செலவழிக்காமலே இருக்கலாம்.

எடுக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். பண்ணை வீதியில் கடலைப் பின்னணியாக வைத்து எடுத்து, வேகமே தெரியவில்லை என்று பலர் மனம் சலிப்பார்கள். வெறும் நீரும் வானமும் கலங்கினாலும் வெறுமையாகவே இருக்கும், இழுபடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பனைமட்டை வேலி, வரிசையாக நிற்கும் பனைகள், கடைகளின் பெயர்ப்பலகைகள் போன்றவைதான் கோடாக இழுபடும். எங்கள் வீதிகளில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால், உங்கள் பக்க ஓரமாக வருபவர் வலமிருந்து இடமாகப் போவார். அவருக்கும் உங்களுக்கும் இடையே வேறு வாகனம் புகாத அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

Tv முறையில் 1/30, குவியம் AI SERVO, தொடர்படம். பாதங்களைப் படம் எடுக்கப்போகும் திசைக்கு நேராக ஊன்றி, இடுப்பை மட்டும் சைக்கிள் வரும் பக்கம் திருப்புங்கள். முழங்கை விலாவோடு ஒட்டட்டும். குவியப் புள்ளியை ஓட்டுபவரின் நெஞ்சில் வைத்துத் தொடர்ந்து வந்து, நேர் எதிரே வரும்போது அமத்துங்கள். அமத்தியதும் நிற்காமல் இன்னும் சிறிது தூரம் திரும்புங்கள். பெரும்பாலான படங்கள் கெடுவது அந்த இடத்தில்தான், விரல் அமத்தும்போது கையும் நின்றுவிடும். ஓட்டுபவர் கிடையாக இழுபட்டிருந்தால் திரும்பிய வேகம் பொருந்தவில்லை. மேலும் கீழுமாக இரட்டித்திருந்தால் பொத்தானை இடித்து அமத்தியிருக்கிறீர்கள். பத்தில் இரண்டு, மூன்று தேறினால் நல்ல கணக்கு.

கேள்வி: முன்சில்லு தெளிவாக வருகிறது, பின்சில்லு கலங்குகிறது. லென்ஸ் பழுதா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: லென்ஸ் பழுதில்லை. மிக அருகே நிற்கிறீர்கள், அல்லது சைக்கிள் நேர் எதிரே வருமுன் அமத்திவிடுகிறீர்கள். அப்போது உங்களுக்குக் கிட்ட உள்ள சில்லு வேகமாகவும் தள்ளி உள்ளது மெதுவாகவும் கடக்கும், கமரா இரண்டோடும் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. மூன்று மீற்றரில் 18 மி.மீ. வைத்து எடுப்பதை விட்டு, பத்து மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கி 50 மி.மீ. வைத்து எடுங்கள். அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் நாலரை மீற்றர் வரும், சைக்கிள் அதில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும், இரண்டு சில்லுக்கும் உள்ள வேறுபாடும் அனேகமாக மறைந்துவிடும். ஒழுங்கை ஒடுக்கமானால் சந்தி மூலையிலோ, வீதிக்கு எதிரே வெறுங்காணி உள்ள இடத்திலோ நில்லுங்கள். சில்லுக் கம்பிகளும் மிதிக்கும் கால்களும் எப்படியும் சுழன்றே தெரியும், அவற்றைத் திருத்தப் பார்க்காதீர்கள். முகமும் நெஞ்சும் தெளிவா என்று திரையில் பெருப்பித்துப் பாருங்கள்.