‘சாப்பிட்டாயா’ என்று கேட்டவர்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பக்கம் ஒரு கருவாட்டு வாடியில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. சென்ற வாரம் விடியற்காலைக் கனவில் எம்.ஜி.ஆர் வந்தார். தொப்பி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. முகம்கூட அவருடையதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்தான். வாடி வாசலில் நின்று “சாப்பிட்டாயா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கணக்கு நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அத்தோடு விழிப்பு வந்துவிட்டது. அவர் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் கிடையாது. அம்மா கோயிலில் விளக்கு ஏற்றச் சொல்கிறாள். தம்பி சிரிக்கிறான். எனக்கு ஒன்றும் இல்லாத ஒருவர் ஏன் என் கனவில் வர வேண்டும்?

ம., பாம்பன்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் உயிர் ஒரு வரியில் இருக்கிறது: முகம் தெரியவில்லை, ஆனால் அவர்தான். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் தடயம்.

விழித்திருக்கும்போது முகத்தைப் பார்த்துவிட்டு ஆளை அறிகிறோம். கனவில் ‘இன்னார்’ என்ற அறிவு முகத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், கனவில் வந்தவரை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டார்கள். முகத்தைப் பார்த்து என்று சொன்ன அளவுக்கு, சும்மா தெரிந்தது என்றும் பதில்கள் வந்தன. கனவு மிகுந்த உறக்கத்தில் மூளையின் காட்சிப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. முன்மூளையில், “முகம் வேறாக இருக்கிறதே, இவர் எப்படி அவராவார்?” என்று கேட்க வேண்டிய பகுதிகள் அடங்கிக் கிடக்கின்றன. அதனால் பெயர் ஒரு வழியாகவும் முகம் வேறு வழியாகவும் வந்து சேர்ந்தாலும் யாரும் தடுப்பதில்லை.

நம் கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஏர்வாடி தர்காவில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், ஊர் திரும்பும் உத்தரவு கனவில் வரும் என்று காத்திருப்பார்கள். அங்கே அடங்கியிருப்பவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, படமும் கிடையாது. ஆனால் உத்தரவு பெற்றவரிடம் “வந்தது அவர்தான் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள், கேள்வியே அவருக்கு விளங்காது. எம்.ஜி.ஆரை முகம் இல்லாமல் அறிந்த நீங்களும் அவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? கனவில் முதலில் அமைந்தது ஒரு செயல் என்று நினைக்கிறேன். மேலான ஒருவர் வாசலில் நின்று, பசித்ததா என்று விசாரிக்கிறார். தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பிறகு, பள்ளியில் சோறு உண்ட ஒரு தலைமுறையே அவர் பெயரைப் பசியோடு சேர்த்து வைத்திருக்கிறது. உங்களுக்கு முந்தைய வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். ஓட்டுப் போடாத வீட்டிலும் அந்தப் பேச்சு நுழையாமல் இருக்காது. ஆக, ‘சாப்பிட்டாயா’ என்ற கேள்வி தனக்குப் பொருத்தமான பெயரைத் தேடி எடுத்துக்கொண்டது. அவர் வந்து கேட்டார் என்று மட்டும் பார்க்காதீர்கள். கேள்வி வந்து அவரை அழைத்திருக்கவும் கூடும்.

இது என் ஊகம். என் கனவு ஒன்றில் இதே பாதையை அடி அடியாகப் பின்தொடர முடிந்ததால் துணிந்து சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிவாஜி கணேசன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நண்டு வலைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வலையில் மாட்டிய நண்டுக் கால்களை ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்து, நூலை விரலால் நீவி, பக்கத்தில் மடித்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவ்வளவுதான் கனவு. எழுந்ததும் நோட்டில் ‘சிவாஜி வந்தார்’ என்று பெரிதாக எழுதி, மற்றதைக் கீழே பொடியாகக் கிறுக்கினேன். அதுதான் நான் செய்த தவறு. பெயரைத் தலைப்பாக்கிவிட்டால் மற்ற எல்லாம் அவருடைய படங்களை நோக்கி ஓடிவிடும். காலையில் மனைவியிடம் சொன்னேன், மதியம் நண்பரிடம் சொன்னேன். நண்பரிடம் சொன்னபோது சிவாஜி கண்கலங்கியிருந்தார். இரவு நோட்டைப் புரட்டினால் கண்ணீர் இல்லை. சிவாஜி என்றதும் அழுகையை நானே சேர்த்துவிட்டேன். கனவு கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான், சொல்லும்போதே.

பிறகு பெயரை அடித்துவிட்டு மீதியை மட்டும் படித்தேன். திண்ணை, நண்டு வலை, நிமிராத தலை, ‘நீ போ’. இதில் சிவாஜி எங்கே இருக்கிறார்? கல்லூரிக்காக நான் மண்டபத்தில் சென்னைக்கு ரயிலேறிய அன்று, என் அப்பா வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்ன வார்த்தைதான் அது. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு அவர் வரவில்லை. கனவுக்கு முந்திய நாள் என் மகன், வேலைக்கு மஸ்கட் போவதாகச் சொல்லியிருந்தான். நானும் நிமிராமல்தான் “சரி” என்றேன். சிவாஜி வந்த வழியும் அகப்பட்டது. ஆறு நாள் முன்னால் உச்சிப்புளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைத் தொலைக்காட்சியில் அவர் படம் ஒன்று ஓடியது. அரைமணி நேரம் நின்று பார்த்தேன், மறந்தும் போனேன். கனவில் முந்திய நாளின் மிச்சம் தலைகாட்டும் என்பதை ஃப்ராய்ட் 1900இலேயே எழுதிவிட்டார். பிறகு வந்தவர்கள் இன்னொரு வழக்கத்தையும் கண்டார்கள். ஒரு நாள் முன்பு நடந்தது வருவதுபோல, இரண்டு மூன்று நாள் பதுங்கியிருந்துவிட்டு ஐந்து முதல் ஏழாம் நாளில் மீண்டும் தலைநீட்டுவதும் உண்டு. எனவே நேற்றை மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பாவின் வார்த்தைக்கு அப்பாவின் முகம் ஏன் வரவில்லை? இதை வெகுநாள் யோசித்தேன். என் அப்பாவின் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. இருட்டோடு வள்ளத்துக்குப் போவார். திரும்பினால் குனிந்து வேலை செய்வார். எங்கள் தலைமுறையில் அப்பாவின் கண்ணை நேராகப் பார்ப்பது மரியாதையும் இல்லை. ஆனால் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து சிவாஜியின் முகத்தை, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே விரிந்த முகத்தை, கூச்சமின்றி மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இமை துடிப்பதும் உதடு நடுங்குவதும் எனக்கு அத்துப்படி. திரையில் காணும் ஒருவரோடு பழகியவரைப் போன்ற ஒருதலை நெருக்கம் உண்டாவதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள். அன்னியர் என்கிறோமே, நாம் அதிகம் உற்றுப் பார்த்த முகங்கள் அந்த அன்னியர்களுடையவைதான்.

தலைவர்கள் வரும் கனவில் இன்னொன்றும் கலந்திருக்கும். நடிகரை நாம் பார்க்கிறோம், தலைவர் நம்மைப் பார்க்கிறார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 முதல் ஜெர்மானியர்களின் கனவுகளைச் சேகரித்தவர் சார்லட் பெராட். அதில் ஒரு தொழிற்சாலை முதலாளியின் கனவு இருக்கிறது. அமைச்சர் கோயபல்ஸ் ஆலைக்கு வருகிறார். தொழிலாளர்கள் முன்னிலையில் வணக்கம் சொல்ல முதலாளி கையைத் தூக்க வேண்டும். கை எழவில்லை. அங்குலம் அங்குலமாக அரைமணி நேரம் போராடித் தூக்கி முடித்ததும், உன் வணக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு கோயபல்ஸ் வெளியேறுகிறார். கோயபல்ஸ் யார் என்று ஆராய்வதால் இந்தக் கனவு விளங்காது, அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கனவில் அந்தக் கை, நோட்டை மறைத்த கை. கேட்டதோ சோறு, நீங்கள் மறைத்ததோ கணக்கு. அந்த நோட்டில் அந்த வாரம் என்ன எழுதினீர்கள், எதை எழுதாமல் விட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்காக விளக்கு ஏற்றுங்கள், அதனால் ஒரு நட்டமும் இல்லை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அவர் சொன்னால் வாதாடவும் வேண்டாம். கனவு மிகுந்த உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீள்கிறது. அதிலிருந்து நேராக விழிப்பதால் அந்தக் கனவு நினைவில் நிற்கிறது, நினைவில் நிற்பதற்கு மதிப்பும் கூடுகிறது. எல்லாக் கனவிலும் இப்படி நூல் பிடித்துப் போய்விடலாம் என்றும் எண்ண வேண்டாம். நான் எழுதி வைத்தவற்றில் பாதிக்கு மேல் எங்கும் போய்ச் சேரவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1927இல் பாரிஸ் மருத்துவர்கள் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்கள். சாரா பெர்ன்ஹார்ட் போன்ற நாடக நடிகைகள், தனக்குத் தெரிந்தவர்களின் வேடத்தில் வந்து தன்னைத் தொடர்கிறார்கள் என்று அவர் நம்பினார். நொடியில் வேடம் மாற்றும் ஃப்ரெகோலி என்ற நடிகரின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். கனவில் நாம் எல்லோரும் செய்வதை அந்தப் பெண் விழித்திருந்து செய்தார். யாராவது பகலில் அப்படிச் சொன்னால் விளக்கு போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை. “அவர்தானா?” என்று எழுந்ததும் சந்தேகப்பட்டுவிட்டீர்கள்.

அடுத்த முறை விழித்ததும் புரண்டு படுக்காமல், அவர் செய்ததையும் சொன்னதையும் முதலில் எழுதுங்கள். பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கனவிலேயே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ‘சாப்பிட்டாயா’ என்று ஏட்டுத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். கேள்வியின் முடிவில் உங்களை எப்படி அழைத்தார்? தாயி என்றா, ஆத்தா என்றா, புள்ளை என்றா, பெயர் சொல்லியா? உங்களை அப்படி அழைக்கிறவர், அல்லது ஒரு காலத்தில் அழைத்தவர், யார்?