“ஃபைலில் இருக்கிறது” என்றால் ஆடிட்டர் விடுவாரா?

கேள்வி: பினாங்கு, பிறையில் பேக்கிங் பெட்டி, டேப் மொத்தமாக விற்கும் சிறிய நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். ஆடிட்டர் 14 கேள்விகள் அனுப்பினார். ஏழாவது, சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர், அதாவது டி.ஓ. ஒன்றைப் பற்றியது: “டி.ஓ. 2218, தேதி 30.12.2025, 23,760 ரிங்கிட். இன்வாய்ஸ் 5.1.2026. விளக்கவும்.” நான் எழுதிய பதில்: “ஆண்டு இறுதி விடுமுறையால் இன்வாய்ஸ் தாமதம். ஆவணங்கள் ஃபைலில் உள்ளன. மேல் விவரங்களுக்குக் கணக்குப் பிரிவைத் தொடர்பு கொள்ளவும்.” மூன்று முறை அதே கேள்வி திரும்பி வந்துவிட்டது. முதலாளி என்னைக் கோபிக்கிறார். எங்கே தப்பு?
– வாசகி, பிறை

பதில்: நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆடிட்டர் “விளக்கவும்” என்று எழுதினாலும், இன்வாய்ஸ் ஏன் தாமதம் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. உங்கள் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. சரக்கு டிசம்பரில் போயிருக்கிறது, பில் ஜனவரியில் போட்டிருக்கிறீர்கள். இந்த விற்பனை எந்த ஆண்டைச் சேர்ந்தது, அந்த ஆண்டின் கணக்கில் இருக்கிறதா, இதுதான் அவர் கேட்பது. உங்கள் மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. அவரால் தன் பேப்பரில் டிக் போட முடியவில்லை, அதனால் கேள்வி திரும்பி வருகிறது.

முதல் வாக்கியத்திலேயே பதில் இருக்க வேண்டும். “ஆம், இது 2025 விற்பனை. 2025 கணக்கில் சேரவில்லை. திருத்துகிறோம்.” தப்பை ஒப்புக்கொள்வதா என்று முதலாளி யோசிப்பார். அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆடிட்டர் கையில் டி.ஓ.வும் இன்வாய்ஸும் இரண்டும் இருக்கின்றன, தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டிசம்பர் 31 அன்று ஸ்டோரில் சரக்கு எண்ணியிருப்பீர்கள். 30-ஆம் தேதியே லாரி ஏறிவிட்ட பெட்டிகள் அந்த எண்ணிக்கையில் இருந்திருக்காது. எண்ணிய கையிருப்பைத்தான் இறுதிக் கையிருப்பாகக் கணக்கில் எடுத்தீர்கள் என்றால், அந்தப் பெட்டிகளின் அடக்கவிலை ஏற்கனவே 2025 செலவில் போய்விட்டது, விற்பனை மட்டும் வரவில்லை. ஆகவே லாபம் குறைந்திருப்பது உங்கள் மார்ஜின் அளவுக்கு இல்லை, முழு 23,760 ரிங்கிட்டுக்கு. ஆடிட்டர் விடாமல் கேட்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கையிருப்பு எப்படி எடுத்தீர்கள் என்பதையும் பதிலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே பதினைந்தாவது கேள்வியாக வரும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். அனுப்பும்போது எப்படியும் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள். Q07-A போன்றவை இணைக்கும் ஃபைல்களின் பெயர்கள்:

“கேள்வி 7. இந்த விற்பனை 2025-ஐச் சேர்ந்தது. சரக்கை வாடிக்கையாளர் 30.12.2025 அன்று பெற்றுக்கொண்டார் (Q07-A, முத்திரையும் தேதியும் கீழே வலது மூலையில்). 5.1.2026 இன்வாய்ஸ் 2026 விற்பனையில் பதிவாகியுள்ளது (Q07-B, வரி 3). திருத்தம்: கடனாளர் டெபிட் 23,760, விற்பனை கிரெடிட் 23,760, 2026-இல் அதே தொகை விற்பனையிலிருந்து நீக்கப்படும். 31.12.2025 சரக்கு எண்ணிக்கையில் இப்பெட்டிகள் இல்லை (Q07-C, பக்கம் 4). 15.12.2025 முதல் 31.12.2025 வரையிலான டி.ஓ.க்கள் எல்லாவற்றையும் இன்வாய்ஸ் தேதியோடு ஒப்பிட்டோம். இதுபோல் வேறு இல்லை (Q07-D). சரக்கு அனுப்பியது பற்றி: செல்வம், ஸ்டோர் பொறுப்பாளர். பதிவு பற்றி: உங்கள் பெயர்.”

கடைசியில் வரும் “வேறு இல்லை” என்பதை உண்மையாகவே பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். ஒன்று தவறியிருந்தால் இன்னும் எத்தனை என்பதுதான் ஆடிட்டரின் அடுத்த நினைப்பு. டி.ஓ. புத்தகத்தை எடுத்து, வரிசை எண்படி ஒவ்வொன்றுக்கும் இன்வாய்ஸ் தேதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். ரத்தான எண்களையும் விடாதீர்கள், காணாத எண்தான் முதலில் கண்ணில் படும். ஒரு நாள் வேலை. இன்னொன்று கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தத் தேதி வரை பார்த்தோம் என்று சொல்லாமல் “வேறு எதுவும் இல்லை” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பிறகு உங்களையே மாட்டிவிடும்.

சரி, ஆதாரம். உங்கள் டி.ஓ.வில் அச்சான தேதி நீங்களே போட்டது, அது ஒன்றையும் நிரூபிக்காது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பேனாவில் எழுதிய தேதிதான் பேசும். அது 30.12 என்றால் மேலே உள்ள பதில் சரி. லாரி 30-ஆம் தேதி கிளம்பி, வாடிக்கையாளர் இடத்தில் ஜனவரி 2-ஆம் தேதிதான் இறக்கினார்கள் என்றால், கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்ற பேச்சில் பதில் தலைகீழாகும்: விற்பனை 2026-உடையது. அப்போது லாரியில் இருந்த அந்தச் சரக்கை 2025 இறுதிக் கையிருப்பில் சேர்க்க வேண்டும். முத்திரையைப் பார்க்காமல் என் மாதிரியை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள்.

முத்திரையில் தேதியே இல்லை என்றால்? வாடிக்கையாளரிடம் போய்ப் பழைய தேதி போட்டு வாங்கி வரும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம். இன்றைய தேதியில் ஒரு மின்னஞ்சல் கேளுங்கள், “டி.ஓ. 2218 சரக்கை இன்ன தேதியில் பெற்றோம்” என்று. தாமதமாக வந்த உண்மையான காகிதத்தை ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார். பழைய தேதி போட்டது ஒன்று தெரிந்தால், மற்ற 13 பதிலையும் முதலிலிருந்து பார்ப்பார்.

பிப்ரவரியில் பணம் வந்த பேங்க் ஸ்டேட்மெண்டையும் இணைக்கலாமா என்று தோன்றும். விற்பனை நடந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம், எந்தத் தேதியில் என்பதற்கு இல்லை. இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேள்விக்கு 19 பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பினேன். “எந்தப் பக்கம்?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதிலிருந்து ஃபைல் பெயரிலேயே கேள்வி எண்ணைப் போட்டுவிடுவேன்: `Q07-A_DO2218.pdf`. பதிலிலும் அதே பெயர், பக்கம், வரி.

அப்புறம் அந்த “கணக்குப் பிரிவு”. அங்கே போன் செய்தால் யார் எடுப்பார்? எடுத்தவருக்கு லாரி விஷயம் தெரியுமா? முதலாளி பெயரைப் போடுவதும் உதவாது, அவர் செல்வத்தைத்தான் கூப்பிடுவார். விஷயம் தெரிந்தவரின் பெயர், நேரடி எண், எந்த நேரத்தில் கிடைப்பார் என்பதை எழுதுங்கள். செல்வம் லீவில் போகிறார் என்றால் அவருக்குப் பதில் யார் என்பதையும். திருத்தத்துக்குச் சம்மதம் சொல்வது மட்டும் டைரக்டர் வேலை, உங்களுடையது இல்லை. அனுப்புமுன் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வரி ஏஜெண்டுக்கும் ஒரு நகல், லாபம் மாறுகிறது அல்லவா.

செல்வத்திடம் அவர் பெயரைப் போட்டிருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். டி.ஓ. 2218-இன் நகலையும் அவர் மேசையில் வைத்துவிடுங்கள். திடீரென்று ஆடிட்டர் போன் வந்தால், எந்த லாரி, எந்த நாள் என்று அவர் தடுமாறக் கூடாது.