பீடி பிடிப்பவருக்கு ஐந்து வாரமாகக் குரல் கம்மல்: முதலில் குரல்வளையைப் பார்க்க வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகப் பீடி பிடிக்கிறார். ஐந்து வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது, வலி எதுவும் இல்லை. சளி மருந்து இரண்டு முறை சாப்பிட்டும் சரியாகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்:

பார்க்க வேண்டாம். இந்த வாரத்திலேயே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, குரல்வளையைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் தந்தைக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குரல் கம்மலோடு எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை. ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதைக் குரலைக் கேட்டோ, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நாக்கின் அடிப்பகுதிக்கும் கீழே, பார்வைக்கு எட்டாத இடத்தில் குரல்வளை இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அதைக் காட்டுவதில்லை. மிகச் சிறிய புற்று என்றால் சி.டி. ஸ்கேனில்கூடத் தெரியாமல் போகலாம்.

சளியினாலோ, கத்திப் பேசியதாலோ கட்டிய தொண்டை பெரும்பாலும் இரண்டு வாரத்தில், அதிகம் போனால் மூன்று வாரத்தில் தெளிந்துவிடும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணம் தெரியாத குரல் கம்மலுக்கு மூன்று மாதம் வரை பொறுத்திருந்து பார்க்க இடம் கொடுத்தது. 2018-இல் அதைத் திருத்தி, நான்கு வாரத்துக்குள் தெளியாவிட்டால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்றும், புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர் போன்றோருக்கு அந்த நான்கு வாரமும் காத்திருக்கத் தேவையில்லை என்றும் எழுதினார்கள். நான்கு வாரம், புகைப் பழக்கம் என்ற இந்த இரண்டு கணக்கிலும் உங்கள் தந்தை எல்லையைத் தாண்டிவிட்டார்.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைத்தான் முதலில் விளக்க வேண்டும். குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. ஆண்களுக்கு அவை ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாகப் பேசும்போது அவை ஒரு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. அவ்வளவு வேகமாக அதிரும் விளிம்பில் ஓர் அரிசிமணி அளவு சொரசொரப்பு வந்தாலே இரண்டு நாண்களும் சரியாகச் சேராது. இடையில் காற்று கசிந்து குரல் கம்மிவிடும். அந்தக் கட்டத்தில் புண் ஆழமாகப் போயிருக்காது, நரம்பைத் தொட்டிருக்காது, அதனால் வலிக்காது. மேலும், குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் அங்கே தோன்றும் புற்று கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதற்குப் பொதுவாகக் காலம் எடுக்கும். ஆக, நாணில் வரும் புற்று சிறியதாக, பரவாமல், வலியில்லாமல் இருக்கும்போதே குரலின் வழியாகத் தன்னைக் காட்டிவிடுகிறது. உடம்பின் வேறு பல உறுப்புகளில் வரும் புற்றுக்கு இந்த வசதி கிடையாது. வலி வரட்டும் என்று காத்திருப்பவர் அந்த வசதியைத்தான் கைவிடுகிறார்.

புகைப்பவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. பல ஆண்டுப் புகையினால் நாண்கள் ஏற்கெனவே தடித்து, குரல் கரகரத்துப் போயிருக்கும். ‘அவர் குரலே அப்படித்தான்’ என்று வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடுவதால், புதிதாக வந்த மாற்றம் பழையதோடு கலந்து மறைந்துவிடுகிறது. உங்கள் கைப்பேசியில் அவர் ஆறு மாதத்துக்கு முன்பு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி இருந்தால் அதையும் இன்றைய குரலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மருத்துவரிடமும் போட்டுக் காட்டுங்கள். நான் இதைப் பலரிடம் கேட்டு வாங்கிக் கேட்டிருக்கிறேன். குரல் எந்த மாதத்தில் மாறியது என்பது அதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மளிகைக் கடை வைத்திருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், இருபது வயதிலிருந்து தினமும் ஒரு கட்டுப் பீடி. மாலை போட்டு மலைக்குப் போய் வந்த தை மாதத்தில் குரல் கம்மியது. பனியும், பச்சைத் தண்ணீர்க் குளியலும், சரணம் விளித்ததும்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி நினைத்ததில் தவறும் இல்லை. சித்தரத்தைக் கஷாயம், மிளகுப் பால் என்று இரண்டு வாரம் போயிற்று. பிறகு ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஊசி போட்ட நான்கைந்து நாள் குரல் நன்றாகவே தெளிந்தது. மறுபடி கம்மியதும், வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை. இப்படிப் பதினோரு வாரம் கழிந்து, கடைக்கு வரும் ஒரு செவிலியர் வற்புறுத்தியதால் என்னிடம் வந்தார். அதுவரை ஒருவரும் அவருடைய குரல்வளையைப் பார்த்திருக்கவில்லை.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் அவரை அதிகம் ஏமாற்றியது. புற்றைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் வீக்கம் இருக்கும். ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வடியச் செய்யும், குரல் சில நாள் தெளியும், புற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, மருந்துக்குக் குரல் கொஞ்சம் தெளிந்தது என்பதை வைத்து அது சாதாரணக் கம்மல்தான் என்று முடிவு கட்ட முடியாது. மேலே சொன்ன 2018 வழிகாட்டுதல், குரல்வளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டும் அமில மாத்திரையும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்வதை, என் அனுபவத்தில் நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

பரிசோதனை மிக எளியது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, சில நிமிடம் கழித்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாயை மூக்கு வழியாகக் குரல்வளைக்குச் சற்று மேல் வரை இறக்குவோம். ‘ஈ’ என்று இழுத்துச் சொல்லச் சொன்னால் இரண்டு நாண்களும் சேரும். மூச்சை உள்ளே இழுத்தால் விலகும். நாணின் மேற்பரப்பில் வெள்ளைப் படலமோ, சிவந்த திட்டோ, வளர்ச்சியோ இருக்கிறதா, இரண்டும் ஒரே அளவு அசைகின்றனவா என்ற இரண்டையும் பார்க்கிறோம். மயக்க மருந்து வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இதைச் செய்கிறார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கு இடது நாணின் முன்பகுதியில் ஒரு சிறிய வெண்மையான வளர்ச்சி இருந்தது. நாண்கள் இரண்டும் நன்றாக அசைந்தன. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் மனைவி தயங்கினார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. குரல்நாணிலிருந்து சதை எடுப்பதால் புற்று பரவுவதில்லை. எடுக்காவிட்டால் எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதே தெரியாது. மயக்கம் கொடுத்து நுண்ணோக்கியின் உதவியோடு எடுத்ததில் புற்று என்று உறுதியாயிற்று.

எடுத்த சதையில் புற்று இல்லை என்று வந்தாலும், பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் விட்டுவிடக் கூடாது. ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் மூன்றாம் பிரீட்ரிக் இதற்கு நன்கு பதிவான சான்று. புகைப் பழக்கம் உள்ள அவருக்கு 1887-இன் தொடக்கத்தில் குரல் கம்மியது. இடது நாணில் ஒரு சிறு வளர்ச்சி தெரிந்தது. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்று என்று சந்தேகித்து அறுவை செய்ய விரும்பினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சி முதலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்த சதையைப் பரிசோதித்த நோயியல் நிபுணர் ருடால்ஃப் விர்கோ அந்தத் துணுக்குகளில் புற்று தென்படவில்லை என்றார். அறுவை நின்றது. அந்த நவம்பரில் புற்று என்பது உறுதியாயிற்று. அடுத்த பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டார்கள். பேரரசராகி 99 நாளில், 1888 ஜூன் 15 அன்று இறந்தார். எடுக்கும் துணுக்கு மேலோட்டமாக இருந்தால் அடியில் உள்ள புற்று அதில் அகப்படாமல் போகும். சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும், இன்னும் ஆழமாகவும் எடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரருக்கு வந்ததைப் போல ஒரு நாணோடு நிற்கும் புற்றுக்கு லேசர் அறுவை அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்றே போதும். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இடத்தில் புற்று அடங்கிவிடுகிறது. அவர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்; மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வது இதைத்தான். வாரத்தில் ஐந்து நாளாக 28 தடவை வைத்தார்கள். இரண்டு மாதம் தொண்டைப் புண்ணால் சிரமப்பட்டார், பீடியை விட்டார், இப்போது கடையில் பேசி வியாபாரம் செய்கிறார். அதே நோயோடு ஒன்பது மாதம் கழித்து வந்த இன்னொருவருக்கு ஒரு நாண் அசைவற்றுப் போய், புற்று குரல்வளைக் குருத்தெலும்பைத் தின்று வெளியே வந்திருந்தது. குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் உள்ள நிரந்தரத் துளை வழியாக மூச்சு விடுகிறார். அங்கே பொருத்திய ஒரு வால்வின் உதவியோடு பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் தொடக்கத்தில் இருந்தது ஒரே கம்மல்தான்.

உங்கள் தந்தையைப் பார்க்கும்போது வேறு ஏதாவதும் தெரியலாம். புகையினால் நாண் முழுவதும் நீர் கோத்து ஊதியிருக்கலாம். குரல்வளையில் காசநோய் இருக்கலாம். அது நம் நாட்டில் அரிதல்ல, பார்வைக்குப் புற்றைப் போலவே இருக்கும். ஒரு நாண் மட்டும் அசையாமல் இருந்தால், அதை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி ஏறுவதால், குறிப்பாக இடப்பக்கம் என்றால், நுரையீரலையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

சீட்டு வாங்கும்போதே ‘ஐந்து வாரக் குரல் கம்மல், பீடிப் பழக்கம்’ என்று சொல்லுங்கள். வெறும் தொண்டைக் கட்டு என்று சொன்னால் மறுபடி சளி மருந்தே கிடைக்கக்கூடும். மூச்சு விடும்போது இரைச்சல் கேட்டாலோ, மூச்சு முட்டினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விழுங்கச் சிரமம், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் நாணுக்கு மேலே தோன்றும் புற்று குரலை மாற்றுவதற்கு முன்பே இந்த வழியில் வெளிப்படக்கூடும். நாண்கள் இரண்டும் சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினால், அதற்குப் பிறகும் ஒரு மாதம் குரல் தெளியாவிட்டால் திரும்பவும் போய் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.