மெரூன் டாப், வெள்ளை பேன்ட்: சாயம் ஒட்டாமல் எப்படித் துவைப்பது?

கேள்வி: புது காட்டன் சுடிதார் செட் வாங்கியிருக்கிறேன். டாப் அடர் மெரூன், பேன்ட் வெள்ளை, துப்பட்டா வெள்ளையில் மெரூன் பார்டர். கல் உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று மாமியார் சொல்கிறார். மூன்றையும் சேர்த்து அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சேர்த்து ஊறப்போட்டால் காலையில் பேன்ட் ரோஸ் கலரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

காட்டனுக்குச் சாயம் ஏற்றும்போது பட்டறையில் உப்பு போடுவார்கள், அது உண்மைதான். தண்ணீரில் இருக்கும் சாயம் நூல் பக்கம் நகர உப்பு உதவும். ஆனால் அடர்நிற காட்டனுக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயம் நூலோடு நிலையாகப் பிணைய சோடா காரம் வேண்டும், அந்த வேலையெல்லாம் பட்டறையிலேயே முடிந்துவிடுகிறது. பிணையாமல் துணியில் தங்கிவிடும் மிச்சச் சாயத்தைச் சூடான சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி எடுத்திருக்க வேண்டும். அதில் அவசரம் காட்டியிருந்தால் அந்த மிச்சம்தான் நம் வீட்டு பக்கெட்டில் இறங்குகிறது. அதை உப்பு போட்டு உள்ளேயே நிறுத்தப் பார்ப்பதில் பயனில்லை, உப்புத் தண்ணீரில் கொஞ்சம் குறைவாக இறங்குவது போலத் தெரிந்தாலும் அடுத்த துவையலில் சாதாரணத் தண்ணீர் பட்டதும் மறுபடி இறங்கும். வினிகரும் காட்டன் சாயத்தை நிறுத்தாது. மிச்சத்தை வெளியேற்றுவதுதான் வழி.

முதலில் விலைச்சீட்டை வெட்டாமல் ஒரு சோதனை செய்யுங்கள். டாப்பின் உள்பக்கத் தையல் மடிப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே ஒரு வெள்ளை காட்டன் துணியை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு அழுத்து. லேசாக ரோஸ் படிந்தால் பயப்பட வேண்டாம், புது அடர்நிறத்தில் அது சகஜம். ஈரமே இல்லாமல் தேய்த்தாலும் வெள்ளைத் துணியில் சிவப்பு அப்பிக்கொண்டால், சாயம் துணியின் மேலாகவே நிற்கிறது என்று அர்த்தம். அதைத் துவைக்காமல், பில்லையும் அந்தச் சிவந்த துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள். துவைத்த பிறகு மாற்றிக் கேட்பது கடினம்.

சோதனையில் தேறினால் டாப்பை மட்டும் தனியாக ஒரு பெரிய பக்கெட் நிறையத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் இறங்கிய சாயம் திரும்பத் துணியிலேயே திட்டுத்திட்டாகப் படியும். வழக்கமான அளவு சோப்புத்தூள் போட்டு, ஊறவிடாமல் உடனே கசக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள், பக்கெட்டில் தெரியாத ரோஸ் அதில் தெரியும். அது தெளியும் வரை, இரண்டு மூன்று துவையல் ஆனாலும், டாப் தனியாகவே போகட்டும். பேன்ட் மற்ற வெள்ளைத் துணிகளோடு போகலாம்.

சிக்கல் துப்பட்டாதான், இரண்டு நிறமும் ஒரே துணியில் இருக்கின்றன, பிரிக்க வழியில்லை. அதற்கு நிறையக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புத்தூள் நன்றாகக் கரைந்த பிறகு இறக்கி, சில நிமிடங்களில் அலசி எடுத்துவிட வேண்டும். இறங்கும் சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்கவைக்க சோப்பு உதவும். முறுக்கிப் பிழியாதீர்கள், ஒரு பழைய துண்டில் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் மடிந்து கிடக்காமல் நிழலில் உடனே விரித்துப் போடுங்கள். துவைத்து முடித்து, ஈரத்தோடு சுருட்டி பக்கெட்டில் வைத்துவிட்டு ஒரு போன் பேசப் போகும் அந்த நேரத்தில்தான் பல துப்பட்டாக்கள் பாழாகின்றன.

அப்படியும் வெள்ளையில் ரோஸ் பிடித்துவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே புதுத் தண்ணீரில் சோப்போடு மறுபடி துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஆக்சிஜன் பிளீச் வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பேன்ட்டை மட்டும் ஊறவையுங்கள். துப்பட்டாவுக்கு அது கொஞ்சம் ஆபத்து, பார்டரும் வெளுக்கலாம், ஓரத்தில் சோதித்த பிறகே இறங்குங்கள்.

நாலைந்து துவையலுக்குப் பிறகும் முதல் நாள் மாதிரியே தண்ணீர் சிவந்தால் அது மிச்சச் சாயம் இல்லை, சாயமே சரியாகப் பிடிக்கவில்லை. 'திரும்பப் பெறமாட்டோம்' என்று சொன்னாலும் விடவேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். லேபிளில் இருக்கும் துவைக்கும் குறிப்பையும் கறைபட்ட துணியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கடை மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.