10% சீரம் இரண்டு மடங்கு வேலை செய்யுமா?

"பரு போன இடமெல்லாம் கரும்புள்ளி. 5% நியாசினமைடு சீரம் இரண்டு மாதம் போட்டும் லேசாகத்தான் மங்கியது. சீக்கிரம் போகட்டும் என்று 10%க்கு மாறினேன். ஒரு வாரமாக, போட்டவுடன் கன்னம் சிவந்து எரிகிறது. போகப் போகப் பழகிவிடுமா?"
– ஒரு வாசகி

இன்றே நிறுத்துங்கள். பரு ஆறிய இடம் கறுத்துப்போகும் தோலில், எரிச்சலும் புதிதாகக் கருமையை உண்டாக்கும். எதைப் போக்க வாங்கினீர்களோ அதையே அது கூட்டிவிடும்.

5% உங்களை ஏமாற்றவில்லை. நிறமி தோலின் அடியிலுள்ள செல்களில் உருவாகி, மேலே உள்ள செல்களுக்குக் கைமாறுகிறது. நியாசினமைடு அந்தக் கைமாற்றத்தைத்தான் குறைக்கிறது. ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நிறமியை அழிப்பதில்லை. அது செல்களோடு மெல்ல உதிர்ந்தாக வேண்டும். அளவைக் கூட்டினால் இந்த வேகம் கூடாது. 8 முதல் 12 வாரத்தில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் மாற்றியிருக்கிறீர்கள்.

கருமை குறைவதாகக் காட்டி 2002இல் வெளிவந்த முக்கியமான ஆய்வில் பயன்பட்டது 5%தான். எண்ணெய்ப் பசைக்கு 2%, பருவுக்கு 4% என்ற அளவுகளிலேயே பலன் பதிவாகியிருக்கிறது. 10% அதைப்போல இரட்டிப்புப் பலன் தரும் என்பதற்கு இத்தகைய ஆதாரம் கிடையாது. பலருக்கு 10% எந்த எரிச்சலும் தராது என்பது உண்மை. ஆனால் எரிச்சல் வருகிறவர்கள் அதிகம் சிக்குவது அந்த அளவில்தான்.

சிவப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். போட்ட சில நிமிடங்களில் சூடாகச் சிவந்து, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கினால், சீரத்தில் கலந்திருக்கும் நிகோடினிக் அமிலம் காரணமாக இருக்கலாம். அது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். மறுநாளும் தோல் இழுத்து, வெறும் மாய்ஸ்சரைசர் பட்டாலே எரிந்தால், தோலின் பாதுகாப்பு அடுக்கு பாதிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, உங்கள் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் நியாசினமைடு இருந்தால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசும்போது சீரத்தில் எழுதியிருக்கும் 10% மட்டும் முகத்துக்குப் போவதில்லை.

இரண்டு வாரம் மென்மையான ஃபேஸ்வாஷ், நியாசினமைடு இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் போதும். எரிச்சல் முழுதாக அடங்கிய பிறகு, பழைய 5% சீரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் தொடங்குங்கள். 10% பாட்டிலை வீணாக்க மனமில்லை என்றால், உள்ளங்கையில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அதே அளவு மாய்ஸ்சரைசரோடு கலந்தால் ஏறக்குறைய 5% ஆகிவிடும். அப்போதைக்கப்போது கலக்குங்கள், பாட்டிலிலேயே கலந்து வைத்தால் சீக்கிரம் கெடலாம். முதல் மூன்று நாள் தாடை ஓரத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். அங்கேயும் எரிந்தால் அந்தப் பாட்டில் உங்களுக்கு வேண்டாம்.

முகம் வீங்கினாலோ, கொப்புளமோ நீர்க்கசிவோ தெரிந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.