கிரிப்டோ: புலனாகாச் சொத்தா, விற்பனை இருப்பா?

எங்கள் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பிட்காயினை ஐந்தொகையில் எதற்குள் காட்டுவது? விலை ஏறினால் இலாபமா?

தீர்மானிப்பது வைத்திருக்கும் நோக்கம். வழக்கமான வியாபாரமாக விற்பதற்கென்றால் அது இருப்பு. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2. மற்றபடி புலனாகாச் சொத்து, நியமம் 38. எவரிடமிருந்தும் பணம் பெறும் ஒப்பந்த உரிமையை பிட்காயின் தருவதில்லை, அதனால் அது நிதிச் சொத்தாகாது. செட்டியார் தெரு நகைக்கடையில் விற்பனைக்கு இருக்கும் தங்கமும், புடவைக்கடைக்காரர் லொக்கரில் வைத்த தங்கமும் ஒரே தங்கம்தான். கணக்கில் வேறு வேறு.

20 இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது மார்ச் 31இல் 30 இலட்சம் என்போம். சாதாரண இருப்பென்றால் 20தான், ஏற்றம் பதிவாகாது. விலை ஏற்ற இறக்கத்தில் இலாபம் தேடி விரைவில் விற்கவே வாங்கும் தரகு வியாபாரி மட்டும் விற்பனைச் செலவு கழித்த சந்தை விலையில் காட்டி, ஏற்றத்தை இலாபத்தில் சேர்ப்பார். புலனாகாச் சொத்தைக் கிரய முறையில் வைத்தால் அதுவும் 20தான். உயிர்ப்பான சந்தை இருந்தால் மீள்மதிப்பீட்டு முறையைத் தெரிந்து 30 காட்டலாம். ஆனால் அந்த 10 இலட்சம் இலாபத்துக்குப் போகாது, மீள்மதிப்பீட்டு ஒதுக்கத்தில் நிற்கும். பலர் தவறுவது இங்கேதான்: பின்னர் விற்றாலும் அது இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரே நிறுத்திவைத்த இலாபத்துக்கே மாறலாம்.

மாறாக, 20க்கு வாங்கியது மார்ச் 31இல் 15 இலட்சமாக விழுந்திருந்தால், விற்பனைச் செலவைக் கணக்கில் எடுக்காவிட்டால், எந்த வகையிலும் 5 இலட்சம் நட்டம்.

பெயரில் ‘நாணயம்’ இருப்பதால் இதைக் காசாகக் காட்டலாம் என்பது தவறு. விலைகளை அளக்கும் பொதுப் பணமாக அது புழங்குவதில்லை.