மழை இரவில் 18 எதற்கு? ரிமோட்டில் இருக்கும் அந்தத் துளிக் குறியைப் பாருங்கள்

"அண்ணா, எங்கள் ஏசி ரிமோட்டின் படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து பனிக் குறியில்தான் ஓடுகிறது. மழை பெய்தால் 18க்குக் குறைத்தாலும் அறை குளிர்கிறதே தவிர கசகசப்பு போவதில்லை, பெட்சீட் எல்லாம் ஈரம் மாதிரி இருக்கிறது. துளி, ஃபேன், நிலா இதெல்லாம் எதற்கு, எப்போது போடுவது?" – வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தங்கச்சி. திரையின் மேல் வரிசையில் சின்னச் சின்னதாக ஐந்து குறிகள் இருக்கின்றன, அதில் பனிக் குறிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன முக்கோணம் நிற்கிறது. இப்போது எந்த மோட் ஓடுகிறது என்று சொல்வது அந்த முக்கோணம்தான். கீழே ஒரு ஃபேன் படமும் ஏறிக்கொண்டு போகும் கோடுகளும் தெரிகின்றன, அது வேகத்தைக் காட்டுவது, மோட் இல்லை. நிறையப் பேர் இந்த இரண்டு ஃபேனையும் குழப்பிக்கொண்டு, வேகத்தைக் கூட்டிவிட்டு ஃபேன் மோட் போட்டதாக நினைக்கிறார்கள். மேல் வரிசையில் இருக்கும் ஃபேன்தான் மோட். சில ரிமோட்டில் படத்துக்குப் பதிலாக COOL, DRY, FAN என்று எழுத்திலேயே வரும், விஷயம் ஒன்றுதான்.

உங்களுக்கு வேண்டியது துளி. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

துளியைப் பார்த்து, ஏசி தண்ணீர் தெளிக்கும், அறையில் ஈரம் கூடும் என்று பயந்து அதைத் தொடாமலே இருப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். அது காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே அனுப்பும் மோட். ஐஸ் தண்ணீர் போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கிறது அல்லவா, அதே வேலையை ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த சுருள் செய்கிறது. காற்று அதன் மேல் பட்டுப் போகும்போது ஈரம் துளித்துளியாகப் படிந்து, தட்டில் விழுந்து, குழாய் வழியே வெளியே வடிகிறது. பனிக் குறியிலும் இதே சுருள்தான், இதே வடிகால்தான். வித்தியாசம், எதைப் பார்த்து இயந்திரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பது அடி என்று வையுங்கள். வெளியே மழை, யன்னல் பூட்டியிருக்கிறது, அறைக்குள் 28 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கொழும்பில் இப்படியான இரவுகளுக்குக் குறைவில்லை. அந்த அறையின் காற்றுக்குள் மட்டும் ஏறக்குறைய 700 கிராம் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. உடம்புக்குச் சுகமாக இருக்க, 26 பாகையில் 60 சதவீதம் போதும், அதற்கு 450 கிராமுக்குள் வந்தால் சரி. அதாவது கால் லீட்டர் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும், வெப்பமோ இரண்டு பாகை குறைந்தால் போதும். மழை இரவில் உங்கள் பிரச்சினை இதுதான்: சூடு கொஞ்சம், ஈரம் நிறைய.

இப்போது பனிக் குறியில் 26 வைத்தால் என்ன ஆகும்? இரண்டு பாகை இறங்கக் கொஞ்ச நேரம் போதும், உடனே வேலை முடிந்தது என்று கம்ப்ரசர் நின்றுவிடும், இன்வேர்ட்டர் வகையாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே ஃபேன் நிற்காமல் ஓடும். சுருளில் படிந்து இன்னும் வடியாமல் இருக்கும் ஈரத்தை அந்தக் காற்று திரும்ப அறைக்குள்ளேயே கொண்டுவந்து விடும். வெப்பமானி 26 காட்டும், தோல் பிசுபிசுக்கும். சரி என்று கோபத்தில் 18க்கு இறக்குகிறீர்கள், கம்ப்ரசர் இப்போது நிற்காமல் ஓடுகிறது, ஈரமும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் அறை 21க்கு வந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் சக்தி குறைவு, அதனால் தண்ணீரின் அளவு குறைந்திருந்தாலும் 21 பாகையில் ஈரப்பதன் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காமல் நிற்கலாம். பெட்சீட் ஈரம் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது உங்கள் கற்பனை இல்லை.

18இல் இன்னொரு கெடுதல் இருக்கிறது, அதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மழை நாளில் வெளிக்காற்று 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். விடிய எழும்பிப் பாருங்கள், யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் புகை படிந்த மாதிரி நனைந்திருக்கும். ஏசியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்ததும் அதே வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரிலும் அலுமாரியின் பின்பக்கத்திலும் படிகிறது. அலுமாரிக்குள் உடுப்பு நாறுவதும், சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிப்பதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதைக் கழுவிக் கழுவி அலுத்துப் போகிறார்கள், ரிமோட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

துளியில் போட்டால் இயந்திரம் உள் ஃபேனை மிக மெதுவாக ஓட விடும், கம்ப்ரசரை விட்டுவிட்டு இயக்கும், பல மொடல்களில் கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேனும் நின்றுவிடும் அல்லது இன்னும் மெதுவாகும். காற்று மெதுவாகப் போவதால் சுருள் நன்றாகக் குளிர்ந்து, படும் காற்றிலிருந்து ஈரத்தைக் கூடுதலாகப் பிடிக்கிறது, அதே நேரம் அறை அளவுக்கு மீறிக் குளிர்வதில்லை. பல ரிமோட்டில் துளியில் இருக்கும்போது வேகத்தை மாற்ற விடாது, சிலவற்றில் பாகை எண்ணே மறைந்துவிடும். பழுது என்று நினைக்காதீர்கள், அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. எண் தெரிந்தால் 25 அல்லது 26 வையுங்கள். மோட்டை மாற்றியதும் கம்ப்ரசர் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடாமல் இருக்கலாம், அது தன்னைப் பாதுகாத்துக்கொள்கிற நேரம், அந்த இடைவெளியில் குளிர் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அமர்த்த வேண்டாம்.

மழை இரவில் நான் சொல்வது இது: படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் துளியில் போட்டு, யன்னலையும் குளியலறைக் கதவையும் பூட்டிவிடுங்கள். ஈரத் துவாயையோ காயாத உடுப்பையோ அந்த அறையில் தொங்கவிட்டால் ஏசி இரவு முழுக்க அதைத்தான் காய வைத்துக்கொண்டிருக்கும். மேலே சீலிங் ஃபேன் இருந்தால் மெதுவாகச் சுற்றட்டும்.

ஆனால் துளியை எல்லா நாளும் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பங்குனி, சித்திரையில் மத்தியானம் மேற்குப் பக்க அறை சுவரெல்லாம் சூடேறி 32 பாகையில் கிடக்கும்போது துளி அதை இறக்காது, ஃபேன் அவ்வளவு மெதுவாக ஓடினால் எப்படி இறக்கும்? அங்கே பனிக் குறிதான், 25 அல்லது 26இல், ஃபேன் வேகத்தைக் கூட்டி. நாலு பேர் சேர்ந்து இருந்து கதைத்துக்கொண்டிருக்கும் ஹோலுக்கும் பனிதான். சூடு இறங்கி, புழுக்கம் மட்டும் மிச்சம் இருக்கும்போது துளிக்கு மாறுங்கள்.

நிலாக் குறி தனி மோட் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டின் மேல் போடுவது. பனிக் குறியில் நிலாவை அமர்த்தினால் பெரும்பாலான இயந்திரங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு பாகை, அடுத்த மணி நேரத்தில் இன்னொரு பாகை என்று தாமாகவே கூட்டிக்கொண்டு போய் அப்படியே நிற்கும், ஃபேனும் மெதுவாகும். நித்திரையில் உடம்பு குளிர்வதால் விடியப்புறம் போர்வையைத் தேடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மார்கழி, தை மாதத்து வரண்ட இரவுகளுக்கு அருமையானது, 25இல் தொடங்கினால் 27இல் போய் நிற்கும், கரண்டும் மிச்சம். மழை இரவில்தான் அது கொழும்புக்குச் சரிவராது: பாகை கூடக் கூட கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைகிறது, ஈரம் மெல்ல ஏறுகிறது, மூன்று மணிக்குக் கழுத்து வியர்த்து எழும்புவீர்கள். துளியோடு நிலாவைச் சேர்க்கலாமா என்பது மொடலைப் பொறுத்தது. துளி ஓடும்போது நிலாவை அமர்த்திப் பாருங்கள், திரையில் நிலா வரவில்லை என்றால் சேராது, வந்தால் சேரக்கூடும்.

மேல் வரிசையின் ஃபேன் மோட்டில் கம்ப்ரசர் ஓடவே ஓடாது, வெளிக்காற்றும் வராது, இருக்கிற காற்றைத்தான் சுற்றும். குளிர வைக்க அதைப் போட்டுப் பலன் இல்லை. அதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது: காலையில் அறையை விட்டு வெளியே வந்ததும் யன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஃபேன் மோட்டில் விடுங்கள், நனைந்த சுருள் காய்ந்துவிடும், ஏசி போட்டவுடன் வரும் அந்த ஊத்தைச் சீலை மணம் குறையும். இரவில் யன்னல் பூட்டியபடி செய்தால் வடிந்தது போக மீதி ஈரம் உங்களிடமே திரும்பி வரும்.

சூரியக் குறி வெப்பமூட்டுவதற்கு. இங்கே விற்கும் பல இயந்திரங்கள் குளிரூட்ட மட்டுமே, பல மொடல்களுக்கு ஒரே ரிமோட்டைக் கொடுப்பதால் குறி மட்டும் இருக்கும். ரிமோட் தான் அனுப்பியதைத்தான் திரையில் காட்டும், ஏசி என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது, அதனால் அமர்த்தியதும் உள் இயந்திரம் பீப் என்று சத்தம் போட்டதா என்று கேளுங்கள். முக்கோண வடிவில் சுற்றும் அம்புகள் ஓட்டோ. அது பாகையைப் பார்த்து மோட்டைத் தானே தெரிவு செய்யும், ஈரத்தை அளக்கும் உணரி எல்லா ஏசியிலும் கிடையாது, ஆகவே மழை இரவை அதன் கையில் விடாதீர்கள்.

துளி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பல்கனியில் வடிகால் குழாயின் முனை இருக்கும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் துளியில் ஓட விடுங்கள். கொழும்பு மழைக் காலத்தில் வாளிக்குள் தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். வெளியே சொட்டாமல் உள்ளே சுவரில் வடிந்தால் குழாய் அடைத்திருக்கிறது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்றால் சுருள் குளிரவில்லை, அல்லது காற்றே போகாமல் ஐஸ் கட்டியிருக்கிறது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி முன் மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழுவி, நிழலில் காயவைத்துப் போட்டுப் பாருங்கள், மெதுவான ஃபேனோடு தூசி ஃபில்டரும் சேர்ந்தால் ஐஸ் கட்டுவது சாதாரணம். அப்படியும் சொட்டாவிட்டால் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்தவுடன் காஸ் முடிந்துவிட்டது, நிரப்புகிறேன் என்றால், எங்கே லீக் என்று கேளுங்கள். காஸ் ஓடித் தேய்வது இல்லை, குறைந்திருந்தால் எங்கோ வெளியேறியிருக்கிறது. வெள்ளவத்தையில் கடல் உப்புக் காற்று வெளி யூனிட்டின் குழாயையும் தகட்டையும் சீக்கிரம் அரிக்கும், அதனால் முதலில் அங்கேயும் குழாய் இணைப்புகளிலும் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.